டைம்டேபிள் போட்டோவும் படிப்புத் திட்டமும்: பத்தாம் வகுப்பு வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

நான் சாயங்கால வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அரையாண்டு மார்க் வந்த கையோடு, ஒவ்வொரு ஜனவரியிலும் வாட்ஸ்அப்பில் பள்ளி டைம்டேபிள் போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். அடியில் ஒரே வரி இருக்கும்: "ஸ்டடி பிளான் போட்டுக் கொடுங்க மிஸ்." தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்களுக்காக இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"போட்டோ அனுப்பிட்டேன் மிஸ். இன்னிக்கு ராத்திரிக்குள்ள பிளான் கிடைக்குமா?"

கிடைக்காது. அந்தப் போட்டோவில் இருப்பது பள்ளிக்கூடத்தின் நேரம். பிள்ளை எப்போது வீட்டில் இருக்க மாட்டான் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எனக்கு வேண்டியது மிச்ச நேரம்.

அதனால் மூன்று விஷயம் கேட்பேன். காலையில் எத்தனை மணிக்கு வாசல்படி தாண்டுகிறான், சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புகிறான்? அரையாண்டில் பாடவாரியாக என்ன மார்க்? ராத்திரி எத்தனை மணிக்குப் புத்தகத்தின் மேல் தலை சாய்கிறது? மூன்றாவதற்கு அம்மாவின் பதிலைத்தான் நம்புவேன், பையனின் பதிலை நம்ப மாட்டேன்.

"போட்டோ தெளிவாத்தானே இருக்கு, ஏன் திரும்பவும் எடுக்கச் சொல்றீங்க?"

பெரும்பாலும் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை வரிசையோ, எட்டாவது பீரியடோ காணாமல் போயிருக்கும். நோட்டின் பின்னட்டையில் ஒட்டியதைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் கடைசி இரண்டு பீரியட் நிழலில் போய்விடும். அதை நான் ஊகித்து நிரப்பினால் திட்டம் முழுக்கத் தப்பாகிவிடும்.

எழுத்துச் சுருக்கங்களும் அப்படித்தான். ஒரு போட்டோவில் தினமும் கடைசியில் "எஸ்.எஸ்." என்று இருந்தது. சோசியல் சயின்ஸ் என்று நினைத்து, "பள்ளியிலேயே வாரம் ஐந்து பீரியட் வருகிறதே, வீட்டில் குறைவாகப் போதும்" என்று திட்டம் போட்டுவிட்டேன். அது ஸ்பெஷல் கிளாஸ். அதில் நடந்ததோ முழுக்கக் கணக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விரிவு கேட்காமல் நான் பேனாவைத் தொடுவதில்லை.

இன்னொன்றும் கேட்பேன்: இந்தத் தாள் எப்போது கொடுத்தது? பலரும் அனுப்புவது ஜூன் மாதத்தில் எழுதிக்கொண்ட டைம்டேபிள். அரையாண்டு முடிந்ததும் பள்ளி அதைத் தூக்கிப்போட்டுவிட்டுத் திருப்புதல் அட்டவணைக்கு மாறியிருக்கும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி, "போன செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு பீரியடிலும் யார் வந்தாங்க?" என்று பிள்ளையிடம் கேட்பது. தாளில் பி.இ.டி. என்றிருக்கும் இடத்தில் கணக்கு மிஸ் வந்திருப்பார். நானும் பள்ளியில் இருந்தபோது அப்படிப் பிடுங்கியவள்தான்.

"டைம்டேபிள்ல காலியா இருக்கிற கட்டத்துல எல்லாம் ஏதாவது படிக்க வச்சிடலாமா?"

வேண்டாம். அந்தக் கட்டம் எந்த நாளும் இன்னொரு ஆசிரியரின் கைக்குப் போகலாம். பி.இ.டி. பீரியட் உண்மையிலேயே நடக்கிறது என்றால், ஓடிவிட்டு வரட்டும். அன்றைய சாயங்காலம் அவன் உட்காரும் விதமே வேறாக இருக்கும். லைப்ரரி பீரியடில் ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்தால் அது லாபக் கணக்கு. திட்டத்தில் அதை வரவாக எழுதக் கூடாது.

"அஞ்சே காலுக்கு ஸ்பெஷல் கிளாஸ் விடுது. பதினோரு மணி வரைக்கும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் இருக்கு. நீங்க ரெண்டு மணி நேரம்னு போடறீங்களே?"

இதைக் கேட்ட அப்பாவின் மகனையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காலை 7.45க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். 5.15க்கு விட்டாலும் பஸ் பிடித்து வீடு சேர ஆறு மணி. கை கால் கழுவி, டிபன் சாப்பிட்டு, கொஞ்சம் சும்மா இருந்து, புத்தகத்தை எடுக்க 6.45. அப்போதிலிருந்து 8.15 வரை ஒன்றரை மணி நேரம். சாப்பாடு. மறுபடி 8.45 முதல் 9.30 வரை முக்கால் மணி நேரம். 9.45க்குப் படுத்து 5.45க்கு எழுந்தால் எட்டு மணி நேரத் தூக்கம். காலையில் ஆறு முதல் 6.45 வரை இன்னொரு முக்கால் மணி நேரம். ஆகமொத்தம் மூன்று மணி நேரம்.

அதில் வீட்டுப்பாடமும் மறுநாள் டெஸ்ட்டும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். மிச்சம் இரண்டு. நீங்கள் சொல்லும் ஆறு மணி நேரத்தில் பஸ், பசி, குளியல் எதுவும் இல்லை. ஆறு மணி நேரத் திட்டம் தந்தால் பையன் தினமும் நான்கு மணி நேரம் தோற்றவனாகப் படுக்கப் போவான். மூன்றாம் நாள் அந்தத் தாளையே பார்க்க மாட்டான்.

"கஷ்டமான பாடத்தை எப்போ வைக்கணும்? காலைலயா, ராத்திரியா?"

பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதனால் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எடுக்கச் சொல்வேன். காலை ஆறு மணி, மாலை 6.45, ராத்திரி 8.45 என்று புத்தகத்தைத் திறக்கும் மூன்று வேளையிலும் காலண்டரில் ஒரு எழுத்து: நல்லா இருந்தால் "ந", சுமாராக இருந்தால் "சு", தூக்கமாக வந்தால் "தூ". ஏழு நாளில் 21 எழுத்து சேரும். மேலே சொன்ன பையனுக்கு மாலை 6.45 பெரும்பாலும் "ந". ராத்திரி 8.45 ஐந்து நாள் "தூ". வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று வேளையுமே "தூ" என்று வந்தது. டைம்டேபிளைத் திரும்பப் பார்த்தால், வெள்ளியன்று கடைசி மூன்று பீரியடும் தொடர்ந்து எழுத்துத் தேர்வு.

இப்போதுதான் போட்டோ உண்மையில் உதவுகிறது. "ந" வேளையில் தலையால் செய்யும் வேலை: புதிய கணக்கு, அறிவியலில் புரியாத பாடம், மனப்பாடம். "தூ" வேளையில் கையால் செய்யும் வேலை. கணக்குத் தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாகப் பதினாறு மார்க். ஸ்கேலும் காம்பஸும் பிடித்து வரைகிறவன் அவ்வளவு சீக்கிரம் தூங்கி விழ மாட்டான். சமூக அறிவியல் வரைபடத்தில் இடம் குறிப்பதும் அதே ரகம்தான். ராத்திரி 8.45க்கு வரலாற்றுப் பாடத்தைக் கொடுத்துவிட்டு "படிச்சாலும் ஏற மாட்டேங்குது" என்று வருத்தப்படுகிறவர்கள் இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

பள்ளியில் கணக்கு இரண்டு பீரியடும் ஸ்பெஷல் கிளாஸும் சேர்ந்து வரும் நாளில், வீட்டில் கணக்கு வைப்பதில்லை. அன்று மூளைக்கு வேறு ருசி வேண்டும்.

"காலைல நாலு மணிக்கு எழுப்பி விடறேன். அப்போ படிச்சா மனசுல நிக்கும்னு சொல்றாங்களே?"

ராத்திரி எட்டு மணிக்குப் படுக்கிற பிள்ளை என்றால் தாராளமாக எழுப்புங்கள். பதினோரு மணிக்குப் படுத்தவனை நாலு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருப்பான். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளரிளம் பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குப் போவதால், தூக்கம் வரும் நேரமும் விழிக்கும் நேரமும் தள்ளிப்போகும். அது சோம்பேறித்தனம் இல்லை. அதோடு, பகலில் படித்தது மனதில் படிவதற்கும் தூக்கம் வேண்டும்.

மனசில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. நாலு மணிக்குப் படித்ததை அன்று சாயங்காலம் புத்தகம் பார்க்காமல் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை, பள்ளியில் இரண்டாவது பீரியடிலேயே கண் சொக்குகிறது என்றால், அந்த நேரத்தைத் தூக்கத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"பரீட்சைக்கு இன்னும் எண்பது நாள் இருக்கே, அது போதாதா?"

எண்ணிப் பார்ப்போம். 2025 பொதுத்தேர்வு மார்ச் 28 அன்று தமிழோடு தொடங்கியது. அந்த வருடம் ஜனவரி 6 திங்கட்கிழமை திட்டம் ஆரம்பித்தோம். மார்ச் 27 வரை 81 நாள். பொங்கலுக்கு 4 போனது. அவன் பள்ளியில் இரண்டு திருப்புதல் தேர்வு, ஒவ்வொன்றும் ஐந்து நாள், அதில் 10. சித்தி வீட்டுக் கல்யாணம் 2. காய்ச்சல், கரண்ட், காரணமே இல்லாமல் ஓடிப்போகும் நாட்கள் என்று 6 ஒதுக்கினேன். மிச்சம் 59. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் 118 மணி நேரம்.

118 என்ற எண்ணை அந்த அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பாடத்துக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 24 மணி நேரம்கூட வராது. அதனால் சமமாகப் பிரிக்கவில்லை. அரையாண்டில் அவன் வாங்கியது தமிழ் 71, ஆங்கிலம் 58, சமூக அறிவியல் 52, அறிவியல் 49, கணக்கு 41. கணக்குக்கு 40 மணி நேரம், அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தலா 28, ஆங்கிலத்துக்கு 12, தமிழுக்கு 10. கணக்கில் எட்டுப் பாடம், ஆக ஒரு பாடத்துக்கு ஐந்து மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமையில் கூடுதலாகக் கிடைக்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அது எதற்கு என்பது கீழே வரும். பிப்ரவரி கடைசியில் வரும் அறிவியல் செய்முறைத் தேர்வு 25 மார்க். அதற்கான ரெக்கார்டு வேலையை ஜனவரியிலேயே "தூ" வேளைகளுக்குத் தள்ளிவிட்டோம்.

"ரெண்டு பரீட்சைக்கு நடுவுல லீவு நிறைய விடறாங்களே. சோசியலை அப்போ பார்த்துக்கலாமே?"

தேதித் தாளைக் கடைசியிலிருந்து படிக்கப் பழகுங்கள். 2025இல் தமிழ் மார்ச் 28, ஆங்கிலம் ஏப்ரல் 2, கணக்கு ஏப்ரல் 7, அறிவியல் ஏப்ரல் 11, சமூக அறிவியல் ஏப்ரல் 15. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் முன்னால் நான்கு நாள் இடைவெளி. அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் மூன்று நாள்தான். நிறைய மனப்பாடம் செய்ய வேண்டிய பாடம் கடைசியில், குறைந்த இடைவெளியோடு நிற்கிறது. அந்த மூன்று நாளில் ஒன்று சித்திரை முதல் நாள் வேறு. அதற்குள் நான்கு பரீட்சை எழுதிக் களைத்திருப்பான்.

அதனால் நடுவில் கிடைக்கும் நாட்கள் திருப்பிப் பார்க்க மட்டும். சமூக அறிவியலை முதன்முறை படிப்பதெல்லாம் மார்ச் 20க்குள் முடிந்துவிட வேண்டும் என்று அந்தப் பையனுக்குக் கோடு கிழித்தேன். தமிழுக்குத்தான் இதில் ஆபத்து வேறு மாதிரி. முதல் பரீட்சை என்பதால் மார்ச் முழுக்கத் தமிழையே கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 71 வாங்குகிறவனுக்கு அது பயம் போக்கும் மருந்து, அவ்வளவுதான்.

இந்தத் தேதிகள் கணக்கு புரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னவை. வருடா வருடம் மாறும். உங்கள் பிள்ளையின் வருடத்துக்குத் தேர்வுத்துறை வெளியிடும் தாளை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

"இங்கிலீஷுக்கு விட்ட லீவுல கணக்கு போட்டா தப்பா மிஸ்?"

தப்பில்லை, அளவு தெரிந்தால். இதைக் கேட்டது ஒரு மாணவி, நல்ல கேள்வி. அந்த நான்கு நாளில் முதல் இரண்டு நாள் காலை வேளையைக் கணக்குக்குக் கொடுக்கலாம். அதுவும் ஏற்கெனவே தெரிந்த கணக்கைக் கை மறக்காமல் போட்டுப் பார்ப்பதற்கு. கடைசி இரண்டு நாள் முழுக்க ஆங்கிலம்.

புதிய கணக்கைத் தொடக் கூடாது. புரியாமல் போனால் அந்தப் பதற்றம் ஆங்கிலத் தாளிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மஞ்சள் காமாலை வந்து மூணு வாரம் ஸ்கூலுக்கே போகல. அந்தப் பாடத்தையெல்லாம் எங்க நுழைக்கிறது?"

தேதி வரிசையில் நுழைக்காதீர்கள். கூடப் படிக்கும் பிள்ளையின் நோட்டைப் பார்த்து, அந்த மூன்று வாரத்தில் நடந்ததை முதலில் பட்டியல் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது தெரியாவிட்டால் பின்னால் வரும் எந்தப் பாடம் தடைபடும்? கணக்கில் இயற்கணிதம் விட்டுப்போனால் இருபடிச் சமன்பாடு போகும், அதோடு எட்டு மார்க் வரைபடமும் ஆட்டம் காணும். அதனால் அது முதலில். நிகழ்தகவு விட்டுப்போனால் வேறு பாடம் எதுவும் இடிந்துவிடாது. அது பொறுத்திருக்கலாம்.

வாரத்தில் இரண்டு வேளை போதும், இரண்டும் "ந" வேளையாக இருக்க வேண்டும். காமாலையிலிருந்து எழுந்த பிள்ளைக்கு மேலே சொன்ன மூன்று மணி நேரம் வராது. முதல் இரண்டு வாரம் அதில் பாதியை வைத்து எண்ணுங்கள். 118 என்ற எண் இன்னும் சுருங்கும். அப்போது சில பாடங்களில் ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கணக்கில் இரண்டு மார்க், ஐந்து மார்க் பகுதிகளில் 14 கேள்வி கொடுத்துப் பத்துக்கு விடை கேட்கிறார்கள். இரண்டிலும் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம். ஆகவே விட்டுவிட ஓரளவு இடம் இருக்கிறது.

"திங்கள், செவ்வாய் ஒழுங்கா போச்சு. புதன்கிழமை உடைஞ்சுது, அப்புறம் மொத்தமும் போச்சு. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?"

முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் பெரிய நஷ்டம். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் முதல் பாடத்தை ஐந்து தடவை படித்திருப்பார்கள், ஆறாவது பாடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். புதன் போனால் வியாழனுக்கு வியாழன் வேலை மட்டும். விட்டது ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தை அதற்காகத்தான் கணக்கில் சேர்க்காமல் வெறுமையாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் முடியாமல் போனது அடுத்த வாரத்துக்குப் போகாது, அடித்துவிட வேண்டும்.

தொடர்ந்து மூன்று வாரம் ஒரே கிழமை உடைகிறது என்றால் தப்பு திட்டத்தில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு வெள்ளிக்கிழமை அப்படித்தான் உடைந்துகொண்டிருந்தது. அன்று படிப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அம்மாவுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.

"எங்க அக்கா பொண்ணுக்குப் போட்டுக் கொடுத்தீங்களாமே, அதையே எனக்கும் ஃபார்வேர்டு பண்ணிடுங்க."

அவள் பள்ளிக்கு எதிர்வீடு. உங்கள் பையனுக்குப் போக வர இரண்டு பஸ்.

"கணக்கு எக்ஸாம் முடிச்சுட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் என்ன படிக்கணும் மிஸ்?"

ஒன்றும் வேண்டாம். பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, பதினைந்து நிமிடம் தாள் படித்து விவரம் நிரப்பி, 10.15 முதல் 1.15 வரை எழுதிவிட்டு வருகிறாய். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. வழியில் யாரோடும் விடை சரிபார்க்காதே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அறிவியலில் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்துப் புரட்டு.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. லீவு நாள்தானே என்று ராத்திரி ஒரு மணி வரை படித்துவிட்டுக் காலை ஒன்பதுக்கு எழுந்திருக்காதே. அறிவியல் தாள் வரும் நாளிலும் காலை 10.15க்கு உன் தலை முழு விழிப்பில் இருக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் மூன்று நாளும் அதே 10.15க்குப் பேனாவை எடுத்து, நேரம் வைத்து, நான்கு மார்க் கேள்வி ஏழுக்கு விடை எழுதிப் பார். தினமும் 5.45க்கே எழுந்திரு.